பத்தடி ஹால்ல கேம் ஆட எத்தனை இன்ச் டிவி? முதல்ல டேப்பை எடுங்க

பிஎஸ் 5 வாங்கியாச்சு, டிவி எத்தனை இன்ச் வாங்கலாம்னு யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்குறது ஒண்ணு தான், எங்க உக்காந்து ஆடுவீங்க? சோபாவுலயா, தரையில பாய் போட்டா, இல்ல பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கினு டிவிக்கு முன்னாடியா? இதுக்கு பதில் தெரியாம 43, 50, 55, 65ன்னு நம்பரை மட்டும் பேசிக்கினு இருந்தா கடைக்காரர் கையில எது ஸ்டாக் இருக்கோ அதுதான் நம்ம வீட்டுக்கு வந்து சேரும்.

சத்துவாச்சாரியில எங்க சித்தி வீட்டு ஹாலை வெச்சே சொல்றேன், ஏன்னா வேலூர்ல லைன் வீடா இருந்தாலும் சரி சின்ன அபார்ட்மெண்டா இருந்தாலும் சரி முக்காவாசி ஹால் இந்த அளவு தான் இருக்கும். பத்துக்கு பன்னெண்டு. பன்னெண்டு அடி பக்கம் தெருக்கதவும் பெட்ரூம் கதவும் எதிரெதிரா இருக்கறதால அந்த பக்கம் டிவி வெக்க வழியில்ல, நடந்துக்கினே இருப்பாங்க. அதனால பத்தடி குறுக்குல தான் பாக்கணும். ஒரு சுவத்துல ஆசாரி செஞ்ச டிவி யூனிட், எதிர் சுவத்துல சோபா. சித்தி பையன் போன்ல சொன்னது, "அண்ணா, பத்தடி தூரம் இருக்கு, 65 போட்டுடலாம்ல?"

பத்தடி இல்ல. நேர்ல போயி டேப் பிடிச்சோம். சுவத்துக்கு சுவர் 120 இன்ச். சோபாவுல சாஞ்சு உக்காந்தா முதுகுக்கு பின்னாடி குஷன், அதுக்கு பின்னாடி சோபாவோட சட்டம், எல்லாம் போக கண்ணு சுவத்துல இருந்து 22 இன்ச் முன்னாடி வந்து நிக்குது. அந்த பக்கம் டிவி யூனிட்ல டிவி அதோட கால்ல நிக்கணும், பின்னாடி வயருக்கு இடம் வேணும், ஸ்கிரீன் சுவத்துல இருந்து 12 இன்ச் முன்னாடி வரும். மிச்சம் 86 இன்ச், அதாவது 7 அடி 2 இன்ச். பத்தடி ஹால்ல பாக்குற தூரம் ஏழடி தான், இதை யாரும் சொல்றதே இல்ல. அளக்கும்போது ஒருத்தர் வழக்கமா உக்காருற மாதிரி உக்காரணும், இன்னொருத்தர் டேப்போட முனையை அவர் கண்ணு ஓரத்துல பிடிக்கணும், மறுமுனை ஸ்கிரீன் வரப்போற இடத்துல. சுவத்தை சுவத்தோட அளக்குற அளவு பெயிண்டருக்கு தான் உதவும்.

அடுத்தது, இவன் சோபாவுல உக்காந்து ஆடுறதே கம்மி. வெயில் காலத்துல நம்ம ஊர்ல தரை தான் சொகம், டைல்ஸ்ல உக்காந்து சோபாவோட முன் விளிம்புல முதுகை சாச்சுக்கினு ஆடுவான். அப்ப கண்ணு சுவத்துல இருந்து 40 இன்ச் முன்னாடி வந்துடுது. டிவிக்கு தூரம் 68 இன்ச், 5 அடி 8 இன்ச். ஒரே ஹால், ஒரே டிவி, ரெண்டு தூரம், நடுவுல ஒண்ணரை அடி வித்தியாசம். இந்த ரெண்டுக்கும் சேத்து ஒத்து வர்ற சைஸ் எதுன்றது தான் நம்ம கணக்கு.

இங்க சித்தப்பா குறுக்க வந்தாரு. "ஏம்ப்பா, டிவியோட சைஸுக்கு மூணு மடங்கு தூரத்துல உக்காரணும்னு சொல்லுவாங்களே, 50 இன்ச்னா பன்னெண்டு அடி இல்ல வேணும்?" அவர் சொன்னது தப்பில்ல, அது வேற காலத்துக்கு சரியான கணக்கு. பழைய ட்யூப் டிவியில படம் 576 கோடா தான் வரும். நல்ல கண்ணுள்ள ஆளுக்கு ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு அளவு வரைக்கும் தனித்தனியா தெரியும்னு வெச்சு கணக்கு போட்டா, அந்த கோடெல்லாம் கண்ணுக்கு தெரியாம ஒண்ணா சேர, ஸ்கிரீனோட குறுக்களவுக்கு மூணு, மூணரை மடங்கு தள்ளி உக்காரணும். சித்தப்பா சொன்ன மூணு மடங்கு இதோட ஒத்துப்போகுது. அதே கணக்கை 1080 கோடு இருக்குற புல் எச்டிக்கு போட்டா ஒண்ணரை மடங்குக்கு கொஞ்சம் மேல. 2160 கோடு இருக்குற 4கேக்கு போட்டா முக்கால் மடங்குக்கு கொஞ்சம் மேல தான். அதாவது 50 இன்ச் 4கே டிவியில படத்தோட புள்ளி தனித்தனியா தெரியணும்னா 40 இன்ச்சுக்கும் கிட்ட, மூணே கால் அடிக்கு உள்ள போயி உக்காரணும், அப்படி யாரும் உக்கார மாட்டாங்க. கிட்ட உக்காந்தா கண்ணு கெட்டுடும்னு பயமும் அந்த காலத்துது தான். கிட்ட பாத்தா கண்ணு சோர்வாகும், சிமிட்டாம பாத்துக்கினே இருந்தா காஞ்சு போயி எரியும், அதுக்கு நடுநடுவுல எழுந்து போயி தண்ணி குடிச்சுட்டு வரணும், அவ்ளோ தான். ஆனா ஒரு குழந்தை எப்பவும் டிவிகிட்ட போயி போயி நிக்குதுன்னா கண் டாக்டரை பாருங்க, தூரப்பார்வை கொறஞ்சதால கூட கிட்ட போகும்.

அப்ப 4கே டிவிக்கு கிட்ட உக்காருறதுல புள்ளி பிரச்சினை இல்ல. இப்ப எல்லை வேற இடத்துல இருந்து வருது, ஸ்கிரீன் நம்ம பார்வையில எவ்ளோ அகலம் பிடிக்குதுன்றதுல இருந்து. நம்ம கண்ணுல இருந்து ஸ்கிரீனோட இடது ஓரத்துக்கு ஒரு கயிறு, வலது ஓரத்துக்கு ஒரு கயிறு கட்டினா நடுவுல ஒரு கோணம் வரும் இல்ல, அது 30 டிகிரி இருக்கணும்னு சினிமா இன்ஜினியர்ங்க அமைப்பான எஸ்எம்பிடிஇ சொல்றதா பரவலா எடுத்துப்பாங்க, தியேட்டர் தரத்துக்கு சான்று குடுக்குற டிஎச்எக்ஸ் காரங்க 40ன்னு வெச்சாங்க. ரெண்டும் படம் பாக்குறதுக்கு போட்ட அளவு. கேமுக்கும் இந்த 30க்கும் 40க்கும் நடுவுல தான் நல்லா இருக்குன்றது என் அனுபவம். 30க்கு கீழ போனா எழுத்து சின்னதாகி முன்னாடி குனிய ஆரம்பிப்போம், 40க்கு மேல போனா மூலையில இருக்குற மேப்பை பாக்க கழுத்து திரும்ப ஆரம்பிக்கும்.

சித்தி வீட்டு ஹாலுக்கு இதை போட்டு பாத்தோம். 43 இன்ச் டிவி அகலம் முப்பத்தேழரை இன்ச், சோபாவுல இருந்து 25 டிகிரி, தரையில இருந்து 31. 50 இன்ச்னா சோபாவுல 28, தரையில 35. 55னா சோபாவுல 31, தரையில 39. 65 போட்டா சோபாவுல 36, அது பரவால்ல, ஆனா தரையில 45. சோபாவுல மட்டும் உக்காருற வீடா இருந்தா 65 கூட நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். தரையில உக்காருற வீட்டுக்கு அது அதிகம். ரெண்டு இடத்துக்கும் 30க்கும் 40க்கும் நடுவுல வர்றது 55 மட்டும் தான்.

சரி 55ன்னு முடிவு பண்ணிடலாம்னு இருந்தப்ப யூனிட்டை அளந்தோம். ஆசாரி நாலடி யூனிட்னு சொல்லி செஞ்சது, ரெண்டு பக்க பலகை கனம் போக உள் அகலம் நாப்பத்தேழரை இன்ச். 55 இன்ச் டிவியில ஸ்கிரீன் மட்டுமே 48 இன்ச் அகலம், ஓரம் சேத்தா இன்னும் கொஞ்சம். ஒரு விரக்கடை அளவுல உள்ள போகாது. நம்ம பக்கம் இந்த நாலடி அளவு ரொம்ப சகஜம், சிமெண்ட்ல கட்டின ஷோகேஸா இருந்தாலும் அதே தான், அதனால டிவி பாக்ஸ்ல போட்டிருக்குற 55ன்ற நம்பரை பாக்காதீங்க, அது குறுக்களவு, நமக்கு வேண்டியது அகலம். குறுக்களவை 0.87ஆல பெருக்குனா அகலம், 0.49ஆல பெருக்குனா உயரம், 16க்கு 9 ஸ்கிரீன் எல்லாத்துக்கும் இது பொருந்தும். கூடவே கால் எங்க இருக்குன்னும் பாக்கணும். இப்ப வர்ற டிவியில நிறைய மாடலுக்கு ரெண்டு ஓரத்துல தான் கால், வீட்டுல இருக்குற சின்ன மேஜை மேல நிக்கவே நிக்காது.

யூனிட்டை உடைக்கலாமான்னு பையன் கேட்டான், சித்தி மூஞ்சி மாறிடுச்சு. உடைக்க வேண்டாம்னு சொன்னேன், அவங்களுக்காக சொன்னது இல்ல, உண்மையிலயே அவசியமில்ல. இந்த கட்டுரையில நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இது தான். சின்ன ஹால்ல தூரத்தை கொஞ்சம் மாத்தினாலே டிவி சைஸை மாத்தின மாதிரி. 86 இன்ச் தூரத்துல 55 இன்ச் டிவி எவ்ளோ பெருசா தெரியுமோ, 78 இன்ச் தூரத்துல 50 இன்ச் டிவி அவ்ளோ பெருசா தெரியும். வித்தியாசம் 8 இன்ச், ஒரு சாண். பதினஞ்சு அடி ஹால்ல ஒரு சாண் தள்ளினா ஒண்ணும் தெரியாது, ஏழடியில அது 5 இன்ச் பெரிய டிவிக்கு சமம். அந்த அஞ்சு இன்ச்சுக்கு கடையில குடுக்குற துட்டை யோசிச்சு பாருங்க, சோபாவை ஒரு சாண் முன்னாடி இழுக்குறதுக்கு துட்டு தேவையில்ல.

ஆனா சோபாவை இழுத்தா நடக்குற வழி குறுகும், அதனால அவங்க வீட்டுல டிவியை இழுத்தோம். 50 இன்ச் டிவி, யூனிட்டுக்கு பின்னாடி இருக்குற செங்கல் சுவத்துல மடங்குற கை வெச்ச பிராக்கெட். உள்ள தள்ளினா ஸ்கிரீன் சுவத்துல இருந்து 12 இன்ச்ல நிக்குற மாதிரி வெச்சுக்கலாம், வெளிய இழுத்தா 20 இன்ச் வரைக்கும் வரும். சோபாவுல உக்காருறப்ப வெளிய இழுத்தா 31 டிகிரி, தரையில உக்காருறப்ப உள்ள தள்ளினா 35. சோபாவுல 55 வாங்கியிருந்தா கிடைச்சிருக்குற அதே அளவு, யூனிட்டும் உடையல. பிராக்கெட் மாட்டும்போது ஒண்ணு கவனிங்க, யூனிட்டோட பிளைவுட் முதுகுல ஸ்க்ரூ போட்டு விட்டுட்டு போயிடுவாங்க, கையை நீட்டினா டிவியோட மொத்த எடையும் நெம்புகோலா இழுக்கும், பிளைவுட் தாங்காது. பிளைவுட்டை தாண்டி செங்கல்ல ஆங்கர் போல்ட் இறங்கணும், டிரில் போடும்போது வர்ற தூள் செவப்பா இருக்கான்னு பாத்தாலே தெரியும்.

இப்ப எழுத்து. கேம் ஆடுறவங்களுக்கும் படம் பாக்குறவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இதுல தான் இருக்கு. படத்துல மூஞ்சி தெரிஞ்சா போதும். கேம்ல எந்த ஆயுதம் எவ்ளோ அடிக்கும், எந்த பொருளை எங்க குடுக்கணும், எல்லாம் பொடி எழுத்துல ஓரத்துல வரும், படிக்கலன்னா ஆட முடியாது. சில கேம்ல 1080 கோட்டுல வெறும் 20 கோடு உயரத்துக்கு தான் எழுத்து இருக்கும். அந்த எழுத்து 50 இன்ச் டிவியில பதினொன்னரை மில்லிமீட்டர் உயரம் வரும். சோபாவுல இருந்து, அந்த 7 அடி 2 இன்ச்ல இருந்து பாக்குறப்ப அது ஒரு அடி தூரத்துல கையில பிடிச்சிருக்குற போன்ல ஒண்ணரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்குற எழுத்து மாதிரி தெரியும். படிச்சிடலாம். அதே சோபாவுல இருந்து 32 இன்ச் டிவியில பாத்தா ஒரு மில்லிமீட்டர் தான் ஆகுது, மாத்திரை அட்டை பின்னாடி இருக்குற எழுத்து மாதிரி. இவன் முன்னாடி 32 இன்ச்ல பிஎஸ் 4 ஆடிக்கினு இருந்தப்ப ஒவ்வொரு வாட்டியும் எழுந்து போயி டிவிகிட்ட நின்னு படிச்சுட்டு வருவான், கண்ணுல கோளாறுன்னு சித்தி பவர் செக் பண்ண கூட்டிக்கினு போனாங்க, கண்ணு சுத்தமா இருந்தது. 4கே டிவி வாங்கினா எழுத்து பெருசாகிடும்னு சிலர் நினைக்கிறாங்க, அது தப்பு. 4கேல எழுத்து ஓரம் கூர்மையாகும், உயரம் அதே தான் இருக்கும். உயரத்தை கூட்ட மூணே வழி, பெரிய டிவி, கிட்ட உக்காருறது, இல்ல கேம் செட்டிங்ஸ்ல எழுத்து சைஸை கூட்டுறது. மூணாவது வழி எல்லா கேம்லயும் இருக்காது.

டிவி வாங்குறதுக்கு முன்னாடியே இதை சோதிச்சு பாக்கலாம். ஸ்டேஷனரி கடையில ஸ்கூல் பசங்க வாங்குற சார்ட் பேப்பர் 22க்கு 28 இன்ச் இருக்கும். ரெண்டை பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு ஒட்டினா அகலம் 44 இன்ச், 50 இன்ச் டிவியோட அகலத்துக்கு அப்படியே சரியா வருது. உயரத்துல மூணரை இன்ச் மடிச்சு விட்டுட்டா டிவியே வந்த மாதிரி. 55க்கு பாக்கணும்னா ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ச் பட்டை ஒட்டி, உயரத்துல ஒரு இன்ச் மட்டும் மடிச்சுக்கோங்க. இடது கீழ் மூலையில உள்ளங்கை அளவு ஒரு வட்டம் வரைங்க, அது மேப். வலது கீழ் மூலையில ரெண்டு மூணு நம்பர் பதினொன்னு பன்னெண்டு மில்லிமீட்டர் உயரத்துல எழுதுங்க, அது குண்டு கணக்கு. இதை டிவி வரப்போற இடத்துல ஒட்டிட்டு, கையில கன்ட்ரோலரை பிடிச்சுக்கினு, ஆடுறப்ப உக்காருற மாதிரி உக்காந்து நடுவுல பாருங்க. கழுத்து அசையாம கண்ணு மட்டும் உருண்டு போயி மேப்பையும் நம்பரையும் பாத்துட்டு வர முடியுதா? முடிஞ்சா சைஸ் சரி. நம்பரை படிக்க தலை முன்னாடி போகுதுன்னா டிவி சின்னது இல்ல தூரம் அதிகம். தலை பக்கவாட்டுல திரும்புதுன்னா பெருசு. கடையில போயி நின்னு பாக்குறதை விட இது ஆயிரம் மடங்கு நம்பலாம், ஏன்னா ஷோரூம்ல கூரை உயரம், வரிசையா எழுவத்தஞ்சு இன்ச் வரைக்கும் மாட்டி வெச்சிருப்பாங்க, அதுக்கு பக்கத்துல 50 ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், வீட்டுக்கு வந்து மாட்டினா தான் அது எவ்ளோ பெருசுன்னு புரியும்.

தலைசுத்தல் பத்தியும் சொல்லணும். சித்தியோட பொண்ணுக்கு துப்பாக்கி கேம் பாத்தாலே வயித்தை பொரட்டும். உடம்பு அசையாம இருக்கு, கண்ணு முன்னாடி உலகமே சுத்துது, ரெண்டும் ஒத்துப்போகாததால வர்றது இது. ஸ்கிரீன் பார்வையில எவ்ளோ அதிகமா நிறையுதோ அவ்ளோ இது கூடும், அதனால அவ ஆடுறப்ப தரையில உக்கார வேணாம், டிவியை உள்ள தள்ளிட்டு சோபாவுல உக்காரட்டும், 28 டிகிரி. ஹால் லைட்டை அணைக்காம போட்டு வெச்சா சுத்தி இருக்குற சுவரும் கண்ணுல படும், அது நல்லது. கேம்ல மோஷன் பிளர், கேமரா ஷேக் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, பார்வை அகலத்தை மாத்த இடம் குடுத்திருந்தா கொஞ்சம் கூட்டி வெக்கலாம். இவ்ளோ பண்ணியும் பொரட்டினா நிறுத்திடணும், பழகிடும்னு பல்லை கடிச்சுக்கினு ஆடினா அன்னைக்கு சோறு இறங்காது.

உயரத்துல தான் நம்ம ஊர்ல நிறைய வீட்டுல தப்பு நடக்குது. டிவி மாட்ட வர்றவரு நின்னுக்கினு மாட்டுறாரு, அவர் கண்ணு உயரத்துக்கு மார்க் போடுறாரு, அஞ்சடி உயரத்துல டிவியோட நடு வந்து நிக்குது. ஆடுறவன் தரையில உக்காந்திருக்கான், அவன் கண்ணு தரையில இருந்து ரெண்டரை அடி தான். 5 அடி 8 இன்ச் தூரத்துல இருந்து ரெண்டரை அடி மேல பாக்கணும், அது 24 டிகிரி அண்ணாந்து பாக்குறது. அரை மணி நேரம் தாங்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முழுக்க ஆடினா பிடரி பிடிச்சுக்கும். சோபாவுல கண்ணு மூணரை அடிக்கு கொஞ்சம் கீழ, தரையில ரெண்டரை, ரெண்டுக்கும் நடுவுல மூணடியில ஸ்கிரீனோட நடு வந்தா ரெண்டு பேருக்கும் கழுத்து நேரா இருக்கும். 50 இன்ச் டிவி உயரம் இருபத்தி நாலரை இன்ச், அப்ப அதோட கீழ் விளிம்பு தரையில இருந்து ரெண்டடியில இருக்கணும். சித்தி வீட்டுல யூனிட்டோட அடிப்பலகை ரெண்டடியில இருந்தது, அதுக்கு மேல ரெண்டு இன்ச் இடம் விட்டு மாட்டச் சொன்னேன். மாட்ட வந்தவரு இவ்ளோ தாழ்வா யாரும் மாட்ட மாட்டாங்கன்னாரு, பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்ததால அதுலயே மாட்டிட்டு போனாரு. சின்ன குழந்தை இருக்குற வீடுன்னா இந்த உயரம் கைக்கு எட்டும், அத யோசிச்சுக்கோங்க.

ரெண்டு பேர் ஆடுறப்ப இன்னொரு கணக்கு வருது. ஸ்கிரீனை ரெண்டா பிரிச்சு ஆடுற கேம்ல ஒவ்வொருத்தருக்கும் கிடைக்கிறது பாதி தான், எழுத்தும் நிறைய கேம்ல சின்னதாகிடும். 43 வாங்கினவங்க தனியா ஆடுறப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தம்பி கூட சேந்து ஆடுறப்ப தான் போதலன்னு உணருவாங்க. அதனால பிரிச்சு ஆடுறது வழக்கமா இருந்தா ரெண்டு சைஸுக்கு நடுவுல இழுபறி வந்தா பெருசை எடுங்க, அப்படி ஆடுற அன்னைக்கு ரெண்டு பேரும் சோபாவை விட்டு தரைக்கு இறங்குங்க.

அப்புறம் பக்கவாட்டுல திவான்ல உக்காந்து பாக்குறவங்க. சின்ன ஹால்ல எல்லாரும் நேர் எதிர்ல உக்கார முடியாது. விஏ பேனல்னு ஒண்ணு, ஐபிஎஸ் பேனல்னு ஒண்ணு, எல்இடி டிவியில இந்த ரெண்டு தான் பெரும்பாலும். விஏல நேர பாத்தா கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், ராத்திரி காட்சி அருமையா தெரியும், பக்கத்துல இருந்து பாத்தா வெளுத்துப் போகும். ஐபிஎஸ்ல கறுப்பு கொஞ்சம் சாம்பலா இருக்கும், பக்கத்துல இருந்து கலர் அவ்வளவா மாறாது. பாக்ஸ்ல இதை போட மாட்டாங்க, கடையில ஒரு மூஞ்சி தெரியுற காட்சி ஓடும்போது அப்படியே பக்கவாட்டுல நடந்து போயி பாருங்க, மூஞ்சி வெளுத்தா விஏ. தனியா ஆடுற வீட்டுக்கு விஏ, கூட்டமா ஆடுற வீட்டுக்கு ஐபிஎஸ், இதான் என் கணக்கு. யூனிட்டுக்குள்ள டிவி அமுங்கி இருந்தா எந்த பேனலா இருந்தாலும் திவான்ல இருக்குறவங்களுக்கு பக்கப் பலகை ஸ்கிரீனோட ஓரத்தை மறைக்கும், பிராக்கெட் கையை வெளிய இழுக்குறதுல அதுவும் சரியாச்சு.

சித்திக்கு சீரியல் தான் முக்கியம், டிவி அவங்களுக்கும் சேத்து தானே. சாதா கேபிள் சேனல் இன்னும் அந்த 576 கோடு தான், அதை 50 இன்ச்ல ஏழடியில இருந்து பாத்தா மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கும், டிவி கோளாறுன்னு நினைச்சு கடைக்கு போன் போட்டவங்களை எனக்கு தெரியும். கோளாறு இல்ல, அந்த சேனலோட எச்டி பதிப்பு இருந்தா அதை எடுத்துக்கணும், இல்லன்னா சமையல்கட்டு வாசல்ல சேர் போட்டு பத்தடி தள்ளி பாத்தா ஓரளவு சரியா தெரியும். சித்தி எப்படியும் அங்க தான் காய் நறுக்கிக்கினு உக்காருவாங்க.

சாயங்காலம் தெருக்கதவை திறந்து வெச்சா டிவியில கதவு பளிச்னு தெரியுதான்னு நாலு மணி வாக்குல பாருங்க. கதவுக்கு நேர் எதிர் சுவர்ல டிவி மாட்டாம பக்கச் சுவர்ல மாட்டினா பாதி தொல்லை போயிடும். கன்சோலை யூனிட்டோட கீழ் அறையில தள்ளி கதவை சாத்தி வெக்காதீங்க. பிஎஸ் 5க்கு 35 டிகிரி வரைக்கும் தான் அறை வெப்பம்னு சோனியே போட்டிருக்கான், மே மாசம் மத்தியானம் ஏசி இல்லாத வேலூர் ஹால் அதை சாதாரணமா தாண்டும். திறந்த பலகையில, பின்பக்கம் நாலு விரல் இடம் விட்டு, முடிஞ்சா சாயங்காலத்துக்கு மேல ஆடச் சொல்லுங்க. பிராக்கெட் கை முன்னாடி வர்றதால பிஎஸ் 5 கூட வர்ற ஒண்ணரை மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுபடுதான்னு கையை முழுசா நீட்டி ஒரு வாட்டி பாத்துடணும், போர்ட் நெளிஞ்சா செலவு பெருசு.

எல்லாம் மாட்டி முடிச்சதும் செட்டிங்ஸ்ல ரெண்டு வேலை. டிவியில கேம் மோடை ஆன் பண்ணுங்க, இல்லன்னா பட்டன் அமுக்கினதுக்கும் ஆள் குதிக்கிறதுக்கும் நடுவுல கொஞ்சம் தாமதம் தெரியும். அடுத்தது, சில டிவி படத்தோட ஓரத்தை கொஞ்சம் வெட்டி பெருசாக்கி காட்டும், அதுல மூலையில இருக்குற மேப் பாதி போயிடும். பிஎஸ் 5ல Settings, Screen and Video உள்ள போயி Adjust Display Area திறந்தா ஓரம் எங்க இருக்குன்னு அடையாளத்தோட காட்டும். அந்த அடையாளம் ஸ்கிரீனுக்கு வெளிய போயிருந்தா கன்சோல்ல படத்தை சுருக்காதீங்க, முதல்ல டிவியோட பட அளவு மெனுவுல வெட்டாம முழுசா காட்டுற ஆப்ஷன் எதுன்னு தேடி அதை வைங்க, கம்பெனிக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க. டிவியில அந்த ஆப்ஷன் இல்லவே இல்லன்னா மட்டும் கன்சோல்ல சுருக்குங்க.